பாக்கிக்கு வட்டி: எந்த நாளிலிருந்து, எவ்வளவு, எப்படி எழுதுவது?

கோவைப் பக்கம் லேத் பட்டறைகளின் பில் புத்தகங்களைப் புரட்டினால், பலவற்றில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘30 நாட்களுக்குள் பணம் செலுத்தாவிட்டால் 24 சதவீதம் வட்டி வசூலிக்கப்படும்.’ அச்சகத்தில் பழைய பில்லைக் கொடுத்து ‘இதேபோல் அடித்துக் கொடுங்கள்’ என்று கேட்டு, தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கும் வரி அது. பணம் ஆறு மாதம் தாமதமானாலும் அந்த வட்டியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்கத் துணிந்தவர்களும் முதல் கேள்வியிலேயே தடுமாறிவிடுகிறார்கள். முப்பது நாள் எந்த நாளிலிருந்து? பில் போட்ட நாளா, சரக்கு போய்ச் சேர்ந்த நாளா? இருபத்து நான்கு சதவீதம் ஆண்டுக்கா? தனிவட்டியா, கூட்டு வட்டியா? வட்டி ஓடத் தொடங்குவது முப்பத்தோராம் நாளிலிருந்தா, பில் தேதியிலிருந்தா? இத்தனைக்கும் அந்த ஒற்றை வரியில் பதில் இல்லை.

அதைவிடப் பெரிய சங்கடம், அந்த வரிக்கு வாங்கியவர் எப்போது சம்மதித்தார் என்பது. ஆர்டர் கொடுத்தபோது அவர் அதைப் பார்க்கவில்லை. சரக்கோடு வந்த பில்லில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். இப்படி ஒருதலையாக அச்சிட்ட நிபந்தனை இருவரையும் கட்டுப்படுத்துமா என்பது நீதிமன்றத்தில் வழக்குக்கு வழக்கு விவாதமாகிற விஷயம். பல பில்களை ஆட்சேபமின்றிப் பெற்றுக்கொண்டு தொடர்ந்து வியாபாரம் செய்திருந்தால் அது சம்மதம் என்று வாதாடலாம். ஆனால் வாதாடித்தான் ஆகவேண்டும்.

சிறு உற்பத்தியாளர்கள் பலருக்கு இந்த வாதமே தேவையில்லை. அவர்கள் பில்லில் ஒரு வரிகூட எழுதாவிட்டாலும் வட்டியைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் அது. அதன் 15, 16ஆம் பிரிவுகளைப் பட்டறை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும் என்பேன். பெயரில் ‘நடுத்தர’ என்று இருந்தாலும் இந்த வட்டி உரிமை குறு நிறுவனத்துக்கும் சிறு நிறுவனத்துக்கும் மட்டும்தான். 2025 ஏப்ரல் 1 முதல் இயந்திரங்களில் முதலீடு 25 கோடி ரூபாய்க்கும், ஆண்டு விற்றுமுதல் 100 கோடி ரூபாய்க்கும் மேற்போகாத நிறுவனம் சிறு நிறுவனம். ஆகவே கோவை, திருப்பூர், சிவகாசி, ஓசூர் பட்டறைகளில் மிகப் பெரும்பாலானவை இதற்குள் வந்துவிடும். வாங்கி விற்கும் வியாபாரிகள் உத்யம் பதிவு வைத்திருந்தாலும், அந்தப் பதிவு அவர்களுக்கு வங்கிக்கடன் முன்னுரிமைக்கு மட்டுமே பயன்படும். இந்த வட்டி உரிமை அவர்களுக்கு இல்லை. அவர்கள் கதைக்குப் பிறகு வருகிறேன்.

சட்டம் சொல்வது இதுதான். எத்தனை நாளில் பணம் தரவேண்டும் என்று இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் அந்த நாளுக்குள் தரவேண்டும். ஆனால் அந்தக் கெடு, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக்கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். கெடு தாண்டியதும் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் அசலோடு சேரும் கூட்டு வட்டியாக ஓடும். ஒப்பந்தத்தில் வேறு என்ன எழுதியிருந்தாலும் இது பொருந்தும் என்று 16ஆம் பிரிவே சொல்கிறது. பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் ஆர்டரில் ‘90 நாளில் பணம், வட்டி கிடையாது’ என்று அச்சிட்டு நீங்கள் கையெழுத்தே போட்டிருந்தாலும் இந்த உரிமை போய்விடாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பம்ப் உதிரிபாகம் கடைசல் பிடித்துத் தரும் ஒரு பட்டறை. உத்யம் பதிவு உண்டு. ஜிஎஸ்டி உட்பட 5,00,000 ரூபாய்க்குச் சரக்கு அனுப்பியது. 2024 ஆகஸ்ட் 16ஆம் தேதி சரக்கு வாங்கியவரின் கோடவுனில் இறங்கியது. பர்ச்சேஸ் ஆர்டரில் இருந்தது 90 நாள். சட்டம் அதை 45 நாளாகக் குறுக்குகிறது. ஆகஸ்ட் 16இலிருந்து 45 நாள் எண்ணினால் செப்டம்பர் 30. அன்று வரை வட்டி இல்லை. அக்டோபர் 1 முதல் வட்டி.

அந்தக் காலத்தில் வங்கி விகிதம் 6.75 சதவீதம். மூன்றால் பெருக்கினால் ஆண்டுக்கு 20.25 சதவீதம். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 1.6875 சதவீதம். அக்டோபர் மாத வட்டி 8,437.50 ரூபாய். அது அசலோடு சேர்ந்து 5,08,437.50 ஆகிறது. நவம்பரில் அந்தத் தொகைக்கு வட்டி 8,579.88. டிசம்பரில் 8,724.67. ஜனவரியில் 8,871.90. வாங்கியவர் 2025 ஜனவரி 31ஆம் தேதி 5,00,000 ரூபாயை மட்டும் அனுப்பினார் என்றால், அன்றைய கணக்கில் அவர் தரவேண்டியிருந்தது 5,34,613.95. அதாவது வட்டி மட்டும் 34,614 ரூபாய். தனிவட்டியாகப் போட்டிருந்தால் 33,750. நான்கு மாதத்தில் வித்தியாசம் ஆயிரத்துக்கும் குறைவுதான். ஆனால் இதே விகிதம் ஒரு முழு ஆண்டு ஓடினால் 20.25 என்பது நடைமுறையில் 22.24 சதவீதமாக ஏறிவிடும். வங்கியில் ஓவர்டிராஃப்ட் வாங்கி அந்தப் பாக்கியைச் சமாளிக்கும் பட்டறைக்காரருக்குத் தான் கட்டும் வட்டியாவது ஈடாகவேண்டும் என்பது இந்தக் கணக்கின் நியாயம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பர்ச்சேஸ் ஆர்டரில் கெடுவே எழுதப்படாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 15 நாள் கணக்கு வந்து, ஆகஸ்ட் 31க்குள் பணம் வந்திருக்க வேண்டும். வட்டி செப்டம்பர் 1ஆம் தேதியே தொடங்கி, ஜனவரி 31 வரை ஐந்து மாதத்துக்கு 43,636 ரூபாய் ஆகியிருக்கும். கெடுவைப் பற்றிப் பேசாமல் விட்டவருக்குச் சட்டம் கூடுதல் பாதுகாப்பு தருகிறது. எனவே வாங்குபவர் கேட்காதபோது, ‘45 நாள் கடன் உண்டு’ என்று விற்பவரே வலியப் போய் எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

கணக்கில் தவறு நேரும் இடங்கள் இரண்டு. முதலாவது, ரெப்போ விகிதத்தை வங்கி விகிதம் என்று எடுத்துக்கொள்வது. செய்தித்தாளில் தலைப்பில் வருவது ரெப்போ. வங்கி விகிதம் வேறு, இப்போதைய நடைமுறையில் அது கால் சதவீதம் கூடுதலாக இருக்கும். கால் சதவீதத்தை மூன்றால் பெருக்கினால் முக்கால் சதவீதம் கையை விட்டுப் போகிறது. இரண்டாவது, பாக்கி நீண்டுகொண்டே போகும்போது விகிதம் மாறியதைக் கவனிக்காமல் விடுவது. மேலே சொன்ன கணக்கு ஜனவரியோடு முடிந்ததால் சிக்கலில்லை. 2025 பிப்ரவரி 7ஆம் தேதி வங்கி விகிதம் 6.50 ஆகவும், ஏப்ரல் 9ஆம் தேதி 6.25 ஆகவும், ஜூன் 6ஆம் தேதி 5.75 ஆகவும் குறைந்தது. அந்த மாதங்களையும் தாண்டிய பாக்கியென்றால் ஒவ்வொரு விகிதமும் அமலில் இருந்த நாட்களுக்குத் தனித்தனியாக வட்டி போட்டுக் காட்டுவதுதான் பாதுகாப்பு. முழு மாதமாக அமையாத நாட்களுக்கு, அன்றைய நிலுவையை ஆண்டு விகிதத்தால் பெருக்கி, நாட்களால் பெருக்கி, 365ஆல் வகுத்தால் போதும். இதை ஒரு எக்செல் தாளில் மாதத்துக்கு ஒரு வரியாக எழுதி வைத்தால் எதிர்த்தரப்பு ஆடிட்டரும் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடுவார். ஒரே மொத்தத் தொகையாக எழுதி அனுப்பினால் அதுவே தகராறுக்கு வழி.

உண்மையில் கோரிக்கைகள் தோற்பது பெருக்கல் கணக்கில் அல்ல, ‘ஏற்றுக்கொண்ட நாள்’ எது என்று காட்ட முடியாததில்தான். எல்லா நாட்களும் அந்த ஒரு தேதியிலிருந்துதான் எண்ணப்படுகின்றன. சட்டப்படி அது பில் தேதி அல்ல, சரக்கு நேரில் ஒப்படைக்கப்பட்ட தேதி. சரக்கில் குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தால், குறை சரிசெய்யப்பட்ட நாளே ஏற்றுக்கொண்ட நாளாகும். தெரிவிக்காவிட்டால் ஒப்படைத்த நாளே நிற்கும். பணம் கேட்டுப் போன் செய்யும்போது, நான்காவது மாதத்தில், ‘அந்த லாட்டில் சைஸ் சரியில்லைங்க, அதான் நிறுத்தி வெச்சிருக்கோம்’ என்று பதில் வருவது பட்டறைக்காரர்கள் எல்லோரும் கேட்டிருக்கும் பேச்சு. 15 நாளுக்குள் எழுத்தில் வராத அந்தப் புகார், தேதிக் கணக்கை மாற்றாது.

ஆகவே டெலிவரி சலானில் கோடவுன் முத்திரையும் கையெழுத்தும் தேதியும் வாங்காமல் வண்டியைத் திருப்பக் கூடாது. பெரிய கம்பெனிகளில் சரக்கு இறங்கியதும் ஜிஆர்என் என்று ஒரு ரசீது போடுவார்கள். அதன் எண்ணையும் தேதியையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்கி வைக்கலாம். இ-வே பில்லும் லாரி ரசீதும் துணைச் சான்றுகள். சரக்கு இறங்கிய மறுநாள், ‘இன்ன பில்லுக்கான சரக்கு இன்ன தேதியில் உங்களிடம் வந்து சேர்ந்தது’ என்று இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டால், பின்னால் வரும் பாதித் தகராறு அங்கேயே முடிந்துவிடும். உத்யம் பதிவையும் ஆர்டர் ஏற்பதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். வியாபாரம் முடிந்த பிறகு எடுத்த பதிவை வைத்து இந்த உரிமையைக் கேட்கமுடியாது என்று 2021, 2022 தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025இல் இன்னொரு வழக்கில் இந்தக் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. முடிவு எதுவானாலும் முன்பே பதிவு செய்தவருக்குக் கவலையில்லை.

இனி எழுதும் விதம். உத்யம் பதிவு உள்ள உற்பத்தியாளரோ சேவை நிறுவனமோ பில்லின் கீழே ‘24 சதவீதம்’ என்று ஒரு எண்ணைப் போடுவதைவிடச் சட்டத்தையே சுட்டுவது நல்லது. இப்படி எழுதலாம்:

‘எங்கள் நிறுவனம் உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனம் (பதிவு எண் …). இந்த பில் தொகை, சரக்கு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து … நாட்களுக்குள் செலுத்தப்பட வேண்டும். தவறினால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 16ஆம் பிரிவின்படி, கெடு முடிந்த மறுநாள் முதல் பணம் எங்கள் வங்கிக் கணக்கில் வரவாகும் நாள் வரை, வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு விகிதத்தில், மாதந்தோறும் கூட்டப்படும் வட்டி செலுத்தப்பட வேண்டும்.’

நாள் எண்ணிக்கை 45ஐத் தாண்டக்கூடாது. குறு நிறுவனமானால் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். பில் ஆங்கிலத்தில் இருந்தால் இதையே ஆங்கிலத்தில் போடுங்கள். விலைப்புள்ளியிலும் ஆர்டர் ஒப்புதல் கடிதத்திலும் இதே வாசகம் இருக்கவேண்டும். ஆர்டருக்கு முன்னால் போன காகிதத்தில் இருந்தால்தான் அது பேசி முடித்த நிபந்தனை ஆகும்.

இப்போது வியாபாரிகள். சட்டத்தின் வட்டி இல்லாததால் இவர்களுக்கு எழுத்தே பலம். எழுதாமல் விட்டால், 1978ஆம் ஆண்டு வட்டிச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் தன் விருப்புரிமையில் வட்டி தரலாம். பணம் தரவேண்டிய நாள் எழுத்து ஆவணத்தில் குறிப்பாக இருந்தால் அந்த நாளிலிருந்து கிடைக்கலாம். இல்லையென்றால் ‘வட்டி கேட்போம்’ என்று எழுத்தில் நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்துதான். ஆறு மாதம் போனில் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அந்த ஆறு மாத வட்டி போனதுதான். வியாபாரிக்கான வாசகத்தில் ஐந்து விஷயம் தெளிவாக இருந்தால் போதும்: எந்த நாளுக்குள் பணம், எந்த நாளிலிருந்து வட்டி, ஆண்டுக்கு எத்தனை சதவீதம், தனிவட்டியா கூட்டு வட்டியா, எந்த நாள் வரை.

‘பில் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் முழுத்தொகையும் செலுத்தப்பட வேண்டும். 31ஆம் நாள் முதல் பணம் வரவாகும் நாள் வரை, நிலுவைத் தொகைக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் தனிவட்டி, ஆண்டுக்கு 365 நாள் என்ற கணக்கில், செலுத்தப்பட வேண்டும். பகுதியாக வரும் பணம் முதலில் வட்டிக்கும் பிறகு அசலுக்கும் வரவு வைக்கப்படும்.’

இதன்படி 5,00,000 ரூபாய் பாக்கிக்கு ஒரு நாள் வட்டி 246.58 ரூபாய். நாற்பது நாள் தாமதித்தால் 9,863. நாள் வட்டியை ரூபாயில் சொல்லி நினைவூட்டல் எழுதினால், சதவீதத்தில் எழுதுவதைவிடச் சீக்கிரம் பதில் வரும். கடைசி வாக்கியத்தையும் விட்டுவிடாதீர்கள். பணம் அனுப்புபவர் ‘இது இந்த பில்லின் அசலுக்கு’ என்று குறிப்பிட்டு அனுப்பினால், அதன்படிதான் வரவு வைக்கவேண்டும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பொது விதி. முன்கூட்டியே வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால்தான் உங்களால் வட்டிக்கு முதலில் வரவு வைப்பதை நியாயப்படுத்த முடியும்.

பயமுறுத்துவதற்காக 36 சதவீதம், 48 சதவீதம் என்று போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, தவறிய நாளிலிருந்து ஏற்றப்படும் வட்டி அபராதமாகக் கருதப்படலாம் என்று சொல்கிறது. அபராதம் என்று கண்டால் நீதிமன்றம் நியாயமான ஈட்டை மட்டுமே தரும். ‘வட்டி தாமதமான நாளிலிருந்து அல்ல, பில் தேதியிலிருந்தே’ என்று பின்னோக்கிப் போடுவதும் இதே சிக்கலில் மாட்டும். உங்கள் வங்கி உங்களிடம் வாங்கும் வட்டியை ஒட்டி ஒரு விகிதம் வைத்தால், ஏன் இவ்வளவு என்று கேட்டால் காரணம் காட்ட முடியும்.

வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தாமதத்துக்கு வாங்கும் வட்டி, விற்ற சரக்கின் மதிப்பில் சேர்கிறது என்பது ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவு. வட்டி கைக்கு வரும் நாளில் அந்த வரி விழுகிறது. ஆகவே வட்டியை டெபிட் நோட் போட்டுக் கேட்பதும், நிபந்தனையில் ‘வட்டியும் அதற்குரிய ஜிஎஸ்டியும்’ என்று எழுதுவதும் நல்லது.

வாங்குபவர் பக்கத்திலும் இப்போது அழுத்தம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரியில் சேர்த்த விதியின்படி, குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் தராத பாக்கியைக் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். 16ஆம் பிரிவின் வட்டியை எந்த ஆண்டிலும் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் கணக்குப் பிரிவிலிருந்து தாங்களாகவே போன் செய்து ‘உத்யம் சர்டிபிகேட் அனுப்புங்க’ என்று கேட்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படியும் வராத பணத்துக்குக் குறு, சிறு நிறுவன வசதிக் குழுவிடம் மனு செய்யலாம். முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்துப் போக வேண்டுமானால் வாங்கியவர் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டவேண்டும். சட்டம் 90 நாளில் முடிக்கச் சொல்கிறது. நடப்பில் அதைவிட நீள்கிறது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வாடிக்கையாளர் போய்விடுவாரே என்ற தயக்கம் நியாயமானது. வட்டியைக் கேட்டுவிட்டுப் பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுப்பது தவறில்லை. ஆனால் விட்டுக்கொடுப்பதையும் எழுதுங்கள்: ‘அசல் இன்ன தேதிக்குள் முழுதாக வந்தால் மட்டும் வட்டியைக் கேட்கமாட்டோம்.’ பணம் வாங்கும்போது ‘முழுக்கணக்கும் தீர்ந்தது’ என்று அவர்கள் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வட்டியைக் கேட்பது மிகவும் கடினம். கடனுக்கு வழக்குப் போட சட்டம் தரும் காலம் பொதுவாக மூன்று ஆண்டு. அது முடியும்வரை காத்திருக்காமல், கெடு தாண்டிய முதல் மாதமே வட்டிக் கணக்கோடு ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள்.